யாருடைய இடது?

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை, அதனால் பள்ளிக்கூட போட்டோ எடுக்கிற ஸ்டூடியோக்களுக்கும் குறைவில்லை. அதில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு கடிதம் எழுதிவிட்டேன்.

மகள் இரண்டாம் வகுப்பு. போட்டோ அன்று ரெட்டை ஜடை பின்னி, மடித்து, ரிப்பனைப் பூவாகக் கட்டி, காலரை இஸ்திரி போட்டு ஆட்டோவில் ஏற்றி விட்டேன். புரூஃப் வந்தது. ஒரு பக்கக் காலர் காது வரைக்கும் எழும்பி நிற்கிறது, அதே பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. "ரெண்டு ரிப்பன உருப்படியா கட்டி அனுப்ப முடியலியாட்டி?" என்று மாமியார் ஆரம்பித்துவிட்டார்கள். விசாரித்ததில், போட்டோவுக்கு முன்னால் ஐடி கார்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள், இவள் நாடாவைத் தலைவழியாக ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறாள். போகிற போக்கில் நாடா காலரையும் தூக்கி, ரிப்பனையும் உருவிவிட்டது.

ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் போனேன். "வாயால சொன்னா மறந்துருவேன் தங்கச்சி, எழுதிக் குடுங்க" என்றார். அங்கேயே ஒரு தாளை வாங்கி, 'இடது பக்கக் காலரும் ரிப்பனும் மறுபக்கத்தில் இருப்பது போலவே இருக்கும்படி சரிசெய்து தரவும்' என்று எழுதிக் கொடுத்தேன். தெளிவாகத்தான் எழுதினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நாலு நாள் கழித்துப் படம் வந்தது. இரண்டு காலரும் எழும்பி நின்றன. இரண்டு ரிப்பனும் அவிழ்ந்து தொங்கின. பத்தாக்குறைக்கு, இரண்டு பக்கமும் பள்ளிக்கூட பேட்ஜ், ஒன்றில் எழுத்து தலைகீழ் மட்டும்தான் இல்லை, மற்றபடி கண்ணாடியில் பார்ப்பது மாதிரி வலமிருந்து இடம் ஓடுகிறது.

நான் சொன்னது பிள்ளையின் இடது. அவர் பார்த்தது படத்தைப் பார்க்கிறவரின் இடது, அதாவது பிள்ளையின் வலது. அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்ததால் குழம்பியிருப்பார், ஆனாலும் 'மறுபக்கம் போலவே' என்று எழுதியிருக்கிறதே! எழும்பிய பக்கத்தை அப்படியே வெட்டிப் புரட்டி நல்ல பக்கத்தில் ஒட்டிவிட்டார், பேட்ஜும் கூடவே வந்துவிட்டது. "நீங்க எழுதினதத்தான செஞ்சேன்" என்றார். மறுக்க வழியில்லை.

என் தங்கை வீட்டுக்காரர் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறவர். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை எழுதினேன்.

'அண்ணாச்சிக்கு வணக்கம். படம் எண் DSC_0417. முதலில் எடுத்த ஒரிஜினலிலிருந்தே ஆரம்பிக்கவும், திருத்திய படத்தின்மேல் திருத்த வேண்டாம். பேட்ஜ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் காலர்தான் கோளாறு. மறுபக்கத்து நல்ல காலரைப் புரட்டி இங்கே வைக்கலாம், ஆனால் காலர் மட்டும் போதும், பட்டன் பட்டியைத் தாண்டி வெட்ட வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பேட்ஜ் பக்கமிருந்து விழுகிறது. புரட்டிய காலர் நிழல் பக்கத்திலிருந்து வருவதால் மங்கலாகத் தெரியும், அதைக் கொஞ்சம் வெளுக்க வேண்டும். சட்டை கட்டம் போட்டது, காலர் தோளைத் தொடுகிற இடத்தில் கட்டம் விலகினால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். ரிப்பனையும் மறுஜடையிலிருந்தே எடுக்கலாம். ஆனால் ரெண்டிலும் ஒரே சுருக்கம் ஒரே இடத்தில் இருந்தால் கண்ணில் குத்தும், ஒரு மடிப்பையாவது மாற்றவும். முன்பல் விழுந்திருக்கிறது. தயவுசெய்து பல் வைக்க வேண்டாம்.'

கடைசி வரியை மாமியார் சேர்க்கச் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான், இவர்கள் எதையும் புரட்டி ஒட்டுகிற ஆட்கள். கடிதத்தோடு புரூஃபை ஜெராக்ஸ் எடுத்து, சிவப்புப் பேனாவில் ரெண்டு வட்டம் போட்டுக் கொடுத்தேன். எழுதினதைவிட அந்த ரெண்டு வட்டம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிற வழியில் படத்தை வாங்கப் போனேன். அருமையாக வந்திருந்தது. காலர் படிந்து, ரெண்டு ரிப்பனும் பூவாக நின்று, கட்டம்கூடச் சேர்ந்திருந்தது. பல் இல்லை. "காலரும் ரிப்பனும் இப்படி இருந்தாத்தான அண்ணாச்சி எம்பிள்ளை மாதிரி இருக்கு" என்றேன்.

அண்ணாச்சி பதில் சொல்லாமல் என் பின்னால் எட்டிப் பார்த்தார். மகள் நின்றுகொண்டிருந்தாள். புத்தகப்பை வார் இழுத்ததில் ஒரு காலர் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஜடை அவிழ்ந்து கிடந்தது, அதன் ரிப்பன் கையில்.

"இதத்தான தங்கச்சி நானும் எடுத்தேன்" என்றார்.