55 நொடி ரீலுக்கு இரண்டரை மாதம்

இரண்டரை மாதம் போயிருக்கிறது, ஒரு நிமிடம்கூட முழுதாக ஓடாத ஒரு வீடியோவுக்காக. கேரக்டர் அனிமேட்டர் வேலைக்கு டெமோ ரீல் தயார் செய்துகொண்டிருப்பவர்களுக்கு நான் இழந்த நாட்களில் பாதியாவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

என் முதல் ரீல் 2 நிமிடம் 10 நொடி. பதினோரு இடங்களுக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் வரவில்லை. பல இடங்களில் ஒரு நிமிடத்துக்குள் கேட்கிறார்கள் என்பது தெரியும், ஆனால் வேலை நன்றாக இருந்தால் முழுதாகப் பார்ப்பார்கள் என்று நம்பினேன். கடைசியில், முன்பு ஒரு ப்ராஜெக்ட்டில் எனக்கு லீட் ஆக இருந்தவரிடம் போய் நின்றேன். அவர் முதலில் செய்தது சத்தத்தை அணைத்தது. இரண்டாவது, 27-வது நொடியில் நிறுத்தியது.

"இதுவரைக்கும் உங்க பேரு 8 நொடி, சுத்துற பொம்மை 7 நொடி, ஒரே நடை நாலு கோணத்துல 12 நொடி. நீங்க அனிமேட் பண்ணுவீங்களான்னு எனக்கு இன்னும் தெரியல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் கணக்கு சரி. அந்தச் சுற்றும் பொம்மை, அதாவது டர்ன்டேபிள், மாடலிங் செய்தவருக்கு உரியது. அந்த மாடல் என்னுடையதுகூட இல்லை, இலவசமாகக் கிடைத்த ரிக். நாலு கோணத்தில் காட்டிய வாக் சைக்கிளில் இரண்டாவது கோணம் புதிதாக எதையும் சொல்லவில்லை.

அதைவிட வலித்தது அடுத்த விஷயம். வசனம் பேசும் ஷாட் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் இளைஞன், இன்னொன்றில் பாட்டி. ரிக் வேறு, குரல் வேறு, உடை வேறு, அதனால் இதுதான் என் வீச்சு என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு ஃப்ரேமை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் கோபமாக இருக்கிறார்கள். இரண்டு பேரும் தலையை முன்னே நீட்டி, வலது கையின் சுட்டுவிரலைக் காட்டுகிறார்கள். அழுத்தம் விழும் ஒவ்வொரு சொல்லுக்கும் கை ஏறுகிறது, சொல் முடிந்ததும் இறங்குகிறது. சத்தம் இல்லாமல் பார்த்தால் ஒரே ஆள் வேஷம் மாற்றிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. நான் அனிமேட் செய்தது பாட்டியையும் இல்லை, இளைஞனையும் இல்லை, என் பழக்கத்தை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எல்லா ஷாட்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு வரி எழுத முயன்றேன்: வேறு எந்த ஷாட்டிலும் இல்லாத எது இதில் தெரிகிறது? பெட்டி தூக்கும் ஷாட்டில் கனம் தெரிகிறது, பெட்டி தரையைவிட்டு எழும் முன்பே இடுப்பு அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நாய் ஓடிவந்து சறுக்கி நிற்கும் ஷாட்டில் நாலு காலும் வளையும் முதுகும். இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குடைக்காக மல்லுக்கட்டும் ஷாட்டில் வசனமே கிடையாது, ஒருவர் யோசிப்பது மற்றவரின் கண்ணில் போய் விழுகிறது. பாட்டி ஷாட்டில் பேச்சின் நடுவே மனது மாறும் ஒரு இடம் இருக்கிறது. இளைஞன் ஷாட்டுக்கு எழுத வரி வரவில்லை. ரன் சைக்கிளுக்கும் வரவில்லை. வரி வராதவை எல்லாம் வெளியே போயின.

வாக் சைக்கிளை விட மனமே வரவில்லை, மூன்று வாரம் செய்தது. ஆனால் சைக்கிளில் பாத்திரம் கிளம்புவதும் இல்லை, நிற்பதும் இல்லை, உடல் எடையை எப்படி அடக்குகிறது என்பது அந்த இரண்டு இடத்தில்தானே தெரியும். அதனால் குடை ஷாட்டின் தொடக்கத்தில் ஒருவரை மூன்று அடி நடந்துவந்து, நின்று, திரும்பி உட்காரவைத்தேன். நடை உள்ளே வந்துவிட்டது, தனியாக இடம் கேட்கவில்லை. கேம் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே லூப் சரியாக மூடுகிறதா என்று பார்ப்பார்கள், அதனால் கிளம்பல், லூப், நிற்றல், திரும்பல் என்று ஒரு தொகுப்பாகவே காட்டலாம். எனக்கு அதற்குத் தனி ரீல் இருக்கிறது.

பாட்டி ஷாட் 20 நொடி. அதை 14-க்குக் குறைப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டம். பின்னால் வெட்டினால் மனம் மாறும் இடம் போகிறது, முன்னால் வெட்டினால் வாக்கியம் பாதியில் தொடங்குகிறது. முதல் வாக்கியத்தை முழுதாக எடுத்துவிட்டு, இரண்டாவது வாக்கியத்துக்கு முன்னால் அவர் மூச்சு இழுக்கும் 10 ஃப்ரேமிலிருந்து தொடங்கினேன். சொல்லிலிருந்தே தொடங்கியபோது பார்ப்பவருக்கு முகத்தில் கண் பதியும் முன்பே உதடு ஓடிவிட்டது. அந்த 10 ஃப்ரேமை விட்டுவிடாதீர்கள்.

இனி எரிச்சலான பகுதி. என்னிடம் இருந்ததில் மிக நல்ல ஷாட், பழைய ஸ்டுடியோவில் செய்தது: இறக்கை உள்ள ஒரு பெரிய மிருகம் பாறையிலிருந்து கிளம்பிப் பறக்கும், 7 நொடி. படம் இன்னும் வெளிவரவில்லை, அதனால் அனுமதி வேண்டும். ப்ரொடக்ஷன் கோஆர்டினேட்டருக்கு எழுதினேன். பதில் இல்லை. திரும்ப எழுதினேன், சூப்பர்வைசரைக் கேளுங்கள் என்றார். சூப்பர்வைசர், கோஆர்டினேட்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். ஐந்து வாரம் கழித்து ஒரு வரி வந்தது: படம் வெளியான பிறகு, இறுதிப் படத்தில் உள்ளபடி மட்டும். ஐந்து வாரமும் அந்த ஷாட்டுக்கு டைம்லைனில் 7 நொடி ஓட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காத்திருந்திருக்கவே கூடாது. வேலையை விட்டு வரும் நாளிலேயே எந்த ஷாட்டை எப்போது, எந்த வடிவத்தில் காட்டலாம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாஸ்வேர்ட் போட்டு அனுப்பினால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளிவராத காட்சியை ரீலில் பார்க்கும் ஸ்டுடியோவுக்கு, நாளை தங்கள் காட்சியும் இப்படித்தான் வெளியே போகும் என்றுதான் தோன்றும்.

அந்த ஓட்டைக்கு, நண்பர்களோடு ஒரு சின்ன கேமுக்காகச் செய்த ஷாட்டை எடுத்தேன். இருவர் துரத்திக்கொண்டு ஓடிவந்து சுவரைத் தாண்டிக் குதிப்பார்கள், 6 நொடி. எடிட்டில் போட்டதும் ஏதோ உறுத்தியது. குதித்து இறங்கும் இடத்தில் கனமே இல்லை, கால் தரையில் படாமலே முட்டி மடங்குவதுபோல் இருந்தது. இரண்டு நாள் போஸ்களைத் திருத்திப் பார்த்தேன், மாற்றமே இல்லை. பிறகு அம்புக்குறி விசையைத் தட்டி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தியபோதுதான் பிடிபட்டது. கேம் ஷாட் நொடிக்கு 30 ஃப்ரேம். ரீல் 24. எடிட்டிங் மென்பொருள் ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது, அப்படி எறிந்ததில் ஒன்று குதிகால் தரையைத் தொடும் ஃப்ரேம். கேமரா நகரும் ஷாட்டில் சீரான இடைவெளியில் ஒரு சின்ன வெட்டு தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எடிட்டில் இதற்கு மருந்து இல்லை. மூலக் கோப்பைத் திறந்து, காட்சியின் வேகத்தையே 24-க்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினால் பெரும்பாலான கீ பின்ன எண்ணில் போய் உட்காரும். 17-வது ஃப்ரேமில் இருந்த கீ 13.6-ல் நிற்கும். முழு எண்ணுக்கு இழுத்தால் 14. சில கீ முன்னே போகும், சில பின்னே போகும், இரண்டு பாதமும் இறங்கும் இடைவெளி கெட்டுவிடும். இறங்கும் இடத்தை மட்டும் கையால் திரும்பச் செய்தேன், இடது பாதம் முதலில், இரண்டு ஃப்ரேம் கழித்து வலது, அதற்குப் பிறகுதான் இடுப்பின் அடிமட்டம். ஒரு நாள் வேலை. முந்தைய இரண்டு நாளும் வீண்.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. பெயர் அட்டை 2 நொடி, குதிக்கும் ஷாட் 6, குடை 12, நாய் 8, பெட்டி 9, பாட்டி 14, முடிவில் பெயரும் தொடர்பும் 4 நொடி. மொத்தம் 55. மீதி 5 நொடியை நிரப்ப ரன் சைக்கிளைத் திரும்ப எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன், வைத்துவிட்டேன். குதிப்பதை முதலில் வைத்ததற்குக் காரணம், இரண்டு நொடிக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். பாட்டி கடைசியில், ஏனென்றால் அதன் பிறகு வேறு எது வந்தாலும் சப்பென்று இருந்தது. பெட்டி ஷாட்தான் இருப்பதில் பலவீனம், வலது பாதம் தரையில் வழுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் வைத்திருந்தால் என்னை அந்தப் பாதத்தை வைத்துத்தான் எடைபோட்டிருப்பார்கள்.

இசை சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஷாட்டின் கீழே சின்ன எழுத்தில் என் பங்கு இருக்கிறது: "அனிமேஷன் மட்டும், ரிக் வேறொருவருடையது". குதிக்கும் ஷாட்டில் "முன்னால் ஓடுபவர் மட்டும்", ஏனென்றால் துரத்துபவரைச் செய்தது என் நண்பர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு அடி விழுந்தது. புது ரீலின் இணைப்பை மூன்று இடங்களுக்கு அனுப்பி நாலு நாள் ஆன பிறகு, ஒரு இடத்திலிருந்து மட்டும் வீடியோ திறக்கவில்லை என்று எழுதினார்கள். என் கணினியில் நன்றாக ஓடுகிறது. காரணம், நான் என் கணக்கில் உள்நுழைந்திருந்தேன், வீடியோ எனக்கு மட்டும் தெரியும் அமைப்பில் இருந்தது. அனுப்பும் முன் உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் ஒரு முறை, வேறொருவர் போனில் ஒரு முறை திறந்து பாருங்கள். மற்ற இரண்டு இடத்துக்கும் மன்னிப்போடு திரும்ப எழுதினேன், பதில் இல்லை.

ஆனால் திறக்கவில்லை என்று எழுதிய இடத்திலிருந்தே போன வாரம் அழைத்தார்கள். பேசியவர் முதலில் கேட்டது சுவர் தாண்டும் ஷாட்டைப் பற்றி. இறங்கும்போது இரண்டு பாதத்துக்கும் நடுவே ஏன் இடைவெளி விட்டீர்கள், ஒன்றாக இறக்கினால் என்ன என்றார். ஓடிவந்த வேகத்தில் உடல் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, அந்தப் பக்கக் கால்தான் முதலில் எடையை வாங்கும், ஒன்றாக இறக்கினால் பொம்மையைத் தூக்கிவைத்ததுபோல் இருக்கும் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அனிமேஷன் டெஸ்ட் அனுப்பினார்கள். ஐந்து நாள் அவகாசம், இன்று இரண்டாவது நாள்.