பெரிய கட்டிக்குப் பக்கத்துல ஒரு சின்ன கட்டி

காரைக்குடி பக்கம் சர்ஜரி ஓபில உக்காந்தா தைராய்டு கட்டியோட வர்றவங்கள அடிக்கடி பாக்கலாம், அதுலயும் பெரும்பாலும் பொம்பளைங்க, வலி இல்லாததுனால வருஷக்கணக்கா விட்டுட்டு யாராவது கல்யாண வீட்ல "என்ன ஆச்சி கழுத்து இப்படி வீங்கியிருக்கு"ன்னு கேட்டப்புறம்தான் வருவாங்க. ஃபைனல் இயர் பசங்களுக்கு ஷார்ட் கேஸ் சொல்லித்தர இதைவிட நல்ல கேஸ் கிடையாதுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா கையும் கண்ணும் ஒழுங்கா வேலை செஞ்சா டெஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் தெரிஞ்சிடும். ஒரு கேஸை வச்சே சொல்றேன்.

ஐம்பது வயசு தாண்டின ஒரு ஆச்சி, கழுத்துல வலது பக்கம் கட்டி, ஆறு வருஷமா இருக்கு, மெதுவா பெருசாகுது. மல்லாந்து படுத்தா கொஞ்சம் மூச்சு முட்டுற மாதிரி இருக்குன்னாங்க. கேஸ் எடுத்த பையன் நல்லாவே கேட்டிருந்தான்: படபடப்பு இல்ல, எடை குறையல, வெயில் தாங்கலன்னு இல்ல, கை நடுக்கம் இல்ல, சோறு முழுங்க கஷ்டம் இல்ல, வீட்ல யாருக்கும் தைராய்டு கேன்சர் இல்ல, சின்ன வயசுல கழுத்துக்கு கரண்ட் வைக்கல. குரல் மாறிச்சான்னு மட்டும் பொத்தாம்பொதுவா கேட்டு "இல்ல"ன்னு எழுதிட்டான். நான் ஆச்சிகிட்ட, "ரெண்டாங்கட்டுல நின்னு கூப்பிட்டா முன்ன மாதிரி முகப்பு வரைக்கும் கேக்குதா ஆச்சி"ன்னு கேட்டேன். "அதெல்லாம் நல்லா கேக்குது தம்பி, வேலைக்காரப் புள்ள ஓடி வருது"ன்னாங்க. பேசுற குரல் சாதாரணமா இருந்தாலும் சத்தமா கூப்பிட முடியுதாங்கறதையும் தனியா கேக்கணும், மேல் லாரின்ஜியல் நரம்போட வெளிக்கிளை போனா முதல்ல போறது அந்த உச்சக்குரல்தான்.

அப்புறம் பாக்குறது. தொடுறதுக்கு முன்னாடி பாக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எதைப் பாக்கணும்னு தெரியாம பசங்க வெறுமனே கொஞ்ச நேரம் நின்னுட்டு கையை வச்சிடுறாங்க. தைராய்டுல பாக்க வேண்டிய முக்கியமான விஷயம் முழுங்கும்போது கட்டி மேல ஏறுதாங்கறது, தைராய்டு மூச்சுக்குழாயோட பெர்ரி லிகமென்ட்டாலயும் முன்னாடி இருக்கிற ஃபேசியாவாலயும் ஒட்டியிருக்கறதுனால குரல்வளை ஏறும்போது அதுவும் கூடவே ஏறும். இங்க நம்மூர்ல ஒரு சிக்கல் இருக்கு. டம்ளர்ல தண்ணி குடுத்தா ஆச்சிங்க வாய் வச்சு குடிக்க மாட்டாங்க, அண்ணாந்து ஊத்திக்குவாங்க, தலை பின்னாடி போயிடும், மடக் மடக்குன்னு தொடர்ந்து முழுங்குவாங்க, அப்ப கழுத்துல எல்லாமே அசையுறதுனால எது ஏறுதுன்னே புரியாது. அதனால ஒரு வாய் தண்ணியை வாயில வச்சிக்கிட்டு தலையை நேரா வைக்கச் சொல்லி, "இப்ப முழுங்குங்க ஆச்சி"ன்னு ஒரே ஒரு தடவை முழுங்க வைக்கணும். தாலிச் செயினைக் கழட்டச் சொல்லக்கூடாது, கேட்டாலே முகம் மாறிடும், ஒரு பக்கமா தோள் மேல தூக்கி வச்சா போதும். கழுத்து குட்டையா சதைப்பிடிப்பா இருந்தா ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி கோத்துக்கிட்டு தலையைப் பின்னாடி அழுத்தச் சொன்னா கட்டி நல்லா தெரியும், பிஸில்லோ மெதடுன்னு சொல்வாங்க. நடுக்கோட்டுல கட்டி இருந்தா நாக்கை நீட்டச் சொல்லியும் பாக்கணும், தைரோகிளாசல் சிஸ்ட்டா இருந்தா நாக்கோடயும் ஏறும்.

ஆச்சிக்கு வலது பக்கம் கட்டி முழுங்கும்போது அழகா ஏறுச்சு. பையன் பின்னாடி போய் நின்னு, கழுத்தை லேசா முன்னாடி சாய்ச்சு, ரெண்டு கட்டைவிரலையும் பின்கழுத்துல வச்சு, மத்த விரல்களால தடவினான். நாலுக்கு மூணு சென்டிமீட்டர், மேல்பரப்பு வழவழப்பா, ஃபர்மா, வலியில்லாம இருந்துச்சு. "சார், சாலிட்டரி நோட்யூல் ரைட் லோப், யூதைராய்டு"ன்னு முடிச்சான், அதாவது வலது லோப்புல ஒரே ஒரு கட்டி, ஹார்மோன் நார்மல்.

இங்கதான் நான் நிறுத்துவேன். சாலிட்டரின்னு சொல்றது பெரிய வார்த்தை, மத்த எல்லா இடமும் சாதாரணமா இருக்குன்னு நீ உறுதியா சொல்ற மாதிரி. கையில ஒண்ணுன்னு தெரியிற கட்டிகள்ல நிறைய, ஸ்கேன் பண்ணா பல நோட்யூல் உள்ள தைராய்டுல பெருசா தெரியிற ஒண்ணாத்தான் இருக்கும். பெரிய கட்டி பக்கத்துல இருந்தா விரல் தானா அதுலயே போய் நின்னுடும், இன்னொரு லோப்பைத் தொட்ட மாதிரி தொட்டுட்டு விட்டுடுவோம். அதுக்குத்தான் லேஹி மெதட். பேஷண்டுக்கு முன்னாடி நின்னு, இடது லோப்பைப் பாக்கணும்னா வலது பக்கத்துலருந்து ஒரு கையால தைராய்டை இடது பக்கம் மெதுவா தள்ளணும், அப்ப இடது லோப் வெளிய துருத்திக்கிட்டு வரும், இன்னொரு கையால அதைத் தடவணும், தடவும்போதே ஒரு தடவை முழுங்க வைக்கணும். சந்தேகமா ஏதாவது பட்டா கட்டைவிரலை அதுமேல வச்சு மறுபடி முழுங்க வைக்கணும், அது கிரைல் மெதட்.

பையன் அப்படிச் செஞ்சான். முகம் மாறுச்சு. இடது லோப் கீழ்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கிற, வலது கட்டியைவிட நல்லா கெட்டியான ஒரு சின்ன நோட்யூல், முழுங்கும்போது கட்டைவிரல்ல இடிச்சிட்டுப் போகுது. நானும் தொட்டுப் பாத்தேன், இருந்துச்சு.

அதுக்கப்புறம் மிச்சத்தையும் ஒழுங்கா பாத்தோம். கீழ் விளிம்பு: முழுங்கும்போது கட்டி ஏறுற அந்த ஒரு வினாடியில அதுக்கு அடியில விரல் நுழையுதான்னு பாக்கணும். நுழைஞ்சா நெஞ்சுக்கூட்டுக்குள்ள இறங்கலன்னு அர்த்தம். நுழையலன்னா ரெண்டு கையையும் காதோட ஒட்டி ஒரு நிமிஷம் போல தூக்கி வைக்கச் சொல்லணும், முகம் சிவந்து உப்பினாலோ மூச்சு இழுத்தாலோ பெம்பர்ட்டன் பாசிட்டிவ். ஆச்சிக்கு விரல் நுழைஞ்சுது. மூச்சுக்குழாய் லேசா இடது பக்கம் தள்ளியிருந்துச்சு, படுத்தா முட்டுதுன்னு சொன்னதுக்கு அதுதான் காரணமா இருக்கலாம். கரோட்டிட் துடிப்பு ரெண்டு பக்கமும் இருந்துச்சு. சாதாரண கட்டி பெருசானா கரோட்டிடைப் பின்னாடி தள்ளும், துடிப்பு தெரியும், கேன்சர் அதைச் சுத்தி வளைச்சிட்டா துடிப்பே கைக்குக் கிடைக்காது, அதுதான் பெர்ரி சைன். கழுத்து நெறிக்கட்டிகள் எதுவும் இல்ல. மேல் முனையில ஸ்டெத் வச்சா சத்தம் இல்ல, பல்ஸ் 78, கை நீட்டினா நடுக்கம் இல்ல, கண்ணும் சரி.

டயக்னோசிஸ் இப்ப வேற மாதிரி ஆயிடுச்சு: மல்ட்டிநோட்யூலர் காய்ட்டர், யூதைராய்டு, மூச்சுக்குழாய் தள்ளல் இருக்கு, நெஞ்சுக்குள்ள இறங்கல, இடது பக்கம் கெட்டியா ஒரு நோட்யூல் இருக்கறதால மேலிக்னன்சியை விலக்கணும். எக்ஸாமினர் கேக்குறது இந்த வரிசைதான், எந்த லோப், எத்தனை, வேலை எப்படி செய்யுது, கேன்சரா, அமுக்குதா. பல நோட்யூல் இருந்தா கேன்சர் இருக்காதுன்னு பசங்க நம்புறாங்க, அது தப்பு, ஒவ்வொரு நோட்யூலையும் தனித்தனியா பாக்கணும்.

டெஸ்ட்ல முதல்ல எழுத வேண்டியது ரத்தத்துல டி.எஸ்.எச்.தான், ஊசி குத்தி செல் எடுத்துப் பாக்குற எஃப்.என்.ஏ.சி. கிடையாது. டி.எஸ்.எச். குறைஞ்சிருந்தாத்தான் ஐசோடோப் ஸ்கேன், ஏன்னா ஹார்மோனை அதிகமா சுரக்கிற சூடான நோட்யூல் கேன்சரா இருக்கறது ரொம்ப அபூர்வம். ஆச்சிக்கு 1.8, நார்மல். அதனால நேரா அல்ட்ராசவுண்ட். வலது பக்கம் நாலு சென்டிமீட்டர், திடமா, சுத்தியிருக்கிற தைராய்டு மாதிரியே பளபளப்பு, ஸ்கேன்ல கேன்சர் சந்தேகத்தை வகை பிரிக்கிற டைராட்ஸ்ல 3. இடது பக்கம் 1.2 சென்டிமீட்டர், திடமா, கறுப்பா, உள்ள பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளிகள், டைராட்ஸ் 5. மூணாம் வகைக்கு 2.5 சென்டிமீட்டர் இருந்தா ஊசி போடணும், அஞ்சாம் வகைக்கு 1 சென்டிமீட்டர் போதும், அதனால ரெண்டுலயும் போட்டாங்க. முதல்ல கையில கிடைச்சதை மட்டும் குத்தச் சொல்லியிருந்தா வலதுல மட்டும்தான் போட்டிருப்பாங்க. ரிப்போர்ட் வந்துச்சு: ஊசி ரிப்போர்ட்டை வகை பிரிக்கிற பெதஸ்டா முறையில வலது பெதஸ்டா 2, சாதாரண கட்டி. இடது பெதஸ்டா 6, பாப்பிலரி கார்சினோமா.

ஊசிக்கு ஒரு எல்லை இருக்கு, அதை பசங்க கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். பாப்பிலரியை செல்லோட நியூக்ளியஸைப் பாத்தே சொல்லிடலாம், ஆனா ஃபாலிக்குலர் அடினோமாவா கார்சினோமாவான்னு ஊசி சொல்லாது, கேப்சூலையோ ரத்தக்குழாயையோ தாண்டுச்சாங்கறதுதான் வித்தியாசம், அது லோப்பை எடுத்து வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஈ.என்.டி.ல குரல் நாண் பாக்கச் சொன்னேன், குரல் நல்லாத்தானே இருக்கு எதுக்கு சார்னு ஒரு ஹவுஸ் சர்ஜன் கேட்டான். ஒரு பக்க நாண் மெதுவா செயலிழந்தா இன்னொண்ணு தாண்டி வந்து ஈடுகட்டிடும், வெளிய குரல் சாதாரணமா இருக்கும், அது தெரியாம இன்னொரு பக்க நரம்புக்கு அடிபட்டா மூச்சே அடைச்சிடும். ஆச்சிக்கு ரெண்டும் நல்லா அசைஞ்சுது. அடிப்படை கால்சியமும் பாத்து வச்சோம்.

வலது பக்கம் அமுக்குது, இடது பக்கம் கேன்சர், அதனால டோட்டல் தைராய்டெக்டமி. பயாப்சில இடது பக்கம் 1.1 சென்டிமீட்டர் பாப்பிலரி, தைராய்டுக்குள்ளயே இருந்துச்சு, வலது கட்டி வெறும் கொலாய்ட். ரேடியோ அயோடின் தேவைப்படல. மறுநாள் உதட்டைச் சுத்தி மதமதன்னு இருக்குன்னாங்க, கால்சியம் குறைஞ்சிருந்துச்சு, மாத்திரையில சரியாயிடுச்சு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்தப் பையனையே கூட்டிட்டுப் போய் தைராக்ஸின் எப்படிப் போடணும்னு ஆச்சிக்குச் சொல்ல வச்சேன்: விடியக்காலம் வெறும் வயித்துல, தண்ணியோட, காபிக்கு அரை மணி நேரம் முன்னாடி, கால்சியம் மாத்திரையை அதுகூட சேக்காம நாலு மணி நேரம் கழிச்சு. "காபிக்கு முன்னாடியா தம்பி"ன்னு கேட்டுட்டு, சரி ஆயுசுக்கும்தானேன்னு மகள்கிட்ட எழுதி வாங்கிக்கச் சொன்னாங்க.