ஸ்கேன் பக்கமும் காணாமல் போன கோடும்

மார்ச் 3

இன்று 14 பக்க ஒப்பந்தம் ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. யாரோ ஸ்கேன் செய்து அனுப்பிய PDF. வெள்ளைப் பின்னணி என் கண்ணுக்கு ஆகாது, எழுத்தையே கரைத்துவிடும். வழக்கம்போல, பின்னணியைக் கறுப்பாக்கும் ஹை கான்ட்ராஸ்டை இயக்க, இடது Alt, இடது Shift, Print Screen மூன்றையும் சேர்த்து அழுத்தினேன் (வலப்பக்க Alt-ஐ அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது). உறுதிசெய்யச் சொல்லிக் கேட்டது, ஆம் என்றேன். விண்டோஸ் முழுக்கக் கறுப்பாகிவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் மட்டும் அதே வெள்ளை வெளேர்.

மார்ச் 4

காரணம் புரிந்தது. ஹை கான்ட்ராஸ்ட் நிரலிடம் போய் எழுத்துக்கு இந்த நிறம், பின்னணிக்கு இந்த நிறம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஸ்கேன் பக்கத்தில் எழுத்தே கிடையாது, எல்லாம் ஒரே படம். படத்தை அது தொடாது.

அதற்கு வேண்டியது உருப்பெருக்கியின் நிறத் தலைகீழ். Win-உடன் + அழுத்தி உருப்பெருக்கியைத் திறந்து, Ctrl + Alt + I. திரையில் இருப்பதெல்லாம் அப்படியே புரண்டுவிடும், படமா எழுத்தா என்று பார்க்காது. ஒன்று கவனிக்கணும், உருப்பெருக்கி ஓடாதபோது இந்த விசை வேலை செய்யாது. அதனால் பெரிதாக்கத் தேவையில்லாவிட்டாலும் Win-உடன் − அழுத்தி 100%-க்கு இறக்கி வைத்துக்கொள்கிறேன், நிறம் மட்டும் மாறி நிற்கும். மூட Win + Esc.

14 பக்கமும் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் மனிதர் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி பல்லெல்லாம் கறுப்பாகச் சிரித்தார். அதே விசையை இன்னொரு முறை தட்டினால் சரியாகிவிடும்.

மார்ச் 7

இன்று நேர்மாறான கூத்து. ஹை கான்ட்ராஸ்டில் இணையப் பக்கம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன், "கீழே உள்ள வரைபடத்தைப் பார்க்க" என்றது, கீழே வெறும் கறுப்பு. படம் ஏறவில்லை போலிருக்கிறது என்று இரண்டு முறை பக்கத்தைப் புதுப்பித்தேன். பிறகுதான் உறைத்தது: பின்னணி இல்லாத படம், கோடுகள் கறுப்பு, பக்கமும் இப்போது கறுப்பு. கறுப்பின்மேல் கறுப்பு.

உடனே Ctrl + Alt + I தட்டினேன். திரை முழுக்க வெள்ளை, படம் இன்னும் இல்லை! யோசித்தால் நியாயம்தான், கோடும் பின்னணியும் ஒரே நிறம் என்றால் புரட்டினாலும் ஒரே நிறம்தானே. அதே மூன்று விசையால் ஹை கான்ட்ராஸ்டை அணைத்தேன், புரட்டியதை அப்படியே விட்டுவிட்டேன். கறுப்பில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று வந்தன.

மார்ச் 9

உருப்பெருக்கி ஒவ்வொரு தட்டுக்கும் 100% தாவுவது எனக்குத் தலைசுற்றல். 200-இல் எழுத்து போதவில்லை, 300-இல் வரி பாதிக்கு மேல் திரைக்கு வெளியே. Settings-இல் Magnifier பக்கத்தில் Zoom increment-ஐ 25%-க்கு மாற்றினேன். இப்போது 225-இல் நிற்கிறேன். எந்த மூலையில் இருக்கிறேன் என்று தெரியாமல் போனால் Ctrl + Alt + Space, முழுத் திரையையும் ஒரு கணம் காட்டிவிட்டு இருந்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது.