டூருக்குப் பணம் கட்டியும் கையெழுத்துப் போட்டும் பட்டியலில் மகள் பெயர்

புதன்கிழமை இரவு கிளாஸ் டீச்சரிடமிருந்து மெயில் வந்தது. ஏழாம் வகுப்பு மாமல்லபுரம், முதலியார்குப்பம் படகுக் குழாம் சுற்றுலாவுக்குக் கட்டணப் படிவம், ஒப்புதல் சீட்டு நிலுவையில் இருப்பவர்கள் என்று ஒரு பட்டியல். வெள்ளி மதியத்துக்குள் முடிக்காவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று கீழே ஒரு வரி. என் மகளும் அதில் இருந்தாள். பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, போன வாரமே அவள் பையில் வைத்து அனுப்பியாயிற்று. எனக்கு அப்படியே கோபம் பொங்கியது.

பட்டியலில் ரோல் நம்பர் மட்டும்தான். யாருக்கு எது பாக்கி என்று இல்லை. இப்படி மெயில் வந்தால் உடனே பள்ளிக்கு ஓடாதீர்கள். "இந்த ரோல் நம்பருக்கு எது நிலுவை, ஏன்?" என்று அதே மெயிலுக்குப் பதில் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டீச்சர் காலையிலேயே பதில் அனுப்பினார்: பணம் கணக்கில் தெரியவில்லை, சீட்டில் ஒரு கையெழுத்து இல்லை.

அக்கவுண்ட்ஸ் கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க நம்பர் எங்க லிஸ்ட்ல இல்ல மேடம், மறுபடி கட்டிடுங்க, அப்புறம் ரீஃபண்ட் பண்ணுவோம்" என்றார். சத்தியமாக மறுபடி கட்டாதீர்கள். படிவத்தில் "பரிவர்த்தனை எண்" என்று ஒரே ஒரு கட்டம். யுபிஐயில் கட்டினால் செயலி இரண்டு எண் காட்டும். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒன்று அந்தச் செயலியின் சொந்த எண். இன்னொன்று 12 இலக்க எண். சில செயலிகளில் அது UTR என்றும் சிலவற்றில் UPI transaction ID என்றும் இருக்கும். பள்ளியின் வங்கிக் கணக்கில் வருவது இந்த 12 இலக்க எண்தான். படிவத்தில் அதைச் சொல்லாததால் எங்கள் வகுப்பில் பலரும் முதல் எண்ணைத்தான் எழுதியிருந்தார்கள். என் வங்கி ஸ்டேட்மெண்டில் அந்த வரியைக் காட்டி, இந்த எண்ணைத் தேடுங்கள் என்றேன். தேடினார். பணம் வந்து கிடந்தது. ரசீதை அங்கேயே நின்று முத்திரையோடு வாங்கினேன்.

அடுத்தது சீட்டு. தந்தை, தாய் இருவருக்கும் தனித்தனிக் கோடு. என் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். அவர் கையெழுத்திட்டு அனுப்பிய ஸ்கேனைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததற்கு, "ஒரிஜினல்தான் வேணும்" என்று ஆபீஸில் திருப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் மஸ்கட்டிலிருந்து காகிதம் எப்படி வரும்? கிளாஸ் டீச்சருக்கே போன் செய்தேன். பாவம், அவர் மாலை வரை வகுப்பில் இருந்துவிட்டு இதையும் பார்க்கிறார். "அட்மிஷன்ல கொடுத்த மெயில் ஐடியிலிருந்து சார் ஸ்கேனை அனுப்பட்டும், நான் பிரின்சிபால்கிட்ட காட்டி வாங்கிடறேன்" என்றார். அன்று இரவே கணவர் அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் பள்ளியில் பதிவான மெயில் ஐடி இப்போதும் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டியலில் இருந்த வேறு சிலர் வேண்டுமென்றே கையெழுத்துப் போடாதவர்கள். "பயணத்தில் நேரும் எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல" என்ற வரிதான் காரணம். போன வாரம் கையெழுத்துப் போடும்போது எனக்கும் அது உறுத்தியது. வழக்கறிஞரான என் சித்தப்பா, "போடும்மா, பிள்ளையைக் கூட்டிப்போக நீ அனுமதி தர்றே, அவ்வளவுதான். அவங்க கவனக்குறைவை அந்த வரி மறைச்சிடாது" என்றார். 1995இல் பியாஸ் ஆற்றங்கரைக்குப் பிக்னிக் அழைத்துப்போன பள்ளியின் 14 மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கையும் சொன்னார். ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியே பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு குழந்தைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது.

அதனால் கையெழுத்துப் போட்டேன். ஆனால் சும்மா போடவில்லை. மகளுக்கு வீசிங் உண்டு. சீட்டில் "நோய்: ஆம் / இல்லை" என்று மட்டும்தான் இருந்தது. ஓரத்திலேயே இன்ஹேலரின் பெயர், எப்போது எத்தனை முறை கொடுக்க வேண்டும், அது பையின் எந்த ஜிப்பில் இருக்கும் என்று எழுதி, படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா என்று மெயிலில் கேட்டேன். உண்டு என்று பதில் வந்தது. சீட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் அனுப்பிய அடுத்த மெயிலில் பணம், தாய் கையெழுத்து, தந்தை கையெழுத்து என்று மூன்று தனிக் கட்டங்கள். மகளின் வரிசையில் மூன்றிலும் டிக்.