ஆச்சியின் ‘அவிய’

சித்தப்பா 1987-இல் ஆச்சியிடம் பேசிப் பதிவு செய்த மூன்று கேசட்டுகள் அலமாரியில் கிடந்தன. மூன்றும் அறுபது நிமிடக் கேசட்டுகள். ஊர் உடன்குடிப் பக்கம், பனங்காடு. குடும்ப வரலாறு எழுதலாம் என்று உட்கார்ந்தபோது, மூன்று மணி நேரப் பேச்சுதானே, ஒரு வாரத்தில் தட்டச்சு செய்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது.

கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை முதலில் உடைத்துவிட்டேன். கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஒவ்வொன்றையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றினேன். வருடக்கணக்கில் சும்மா கிடந்த நாடா சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கும், அப்படியே போட்டால் திக்கித் திக்கி ஓடும். பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, கணினியில் இணைத்து, Audacity-யில் WAV கோப்பாக எடுத்தேன்.

இரண்டாவது கேசட்டில் ஒரு வம்பு. போகப் போக ஆச்சியின் குரல் கீச்சென்று சிறுமி குரலாகிவிட்டது. சித்தப்பா பேட்டரியில் ஓட்டியிருக்கிறார். பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடிப் பதிவாகியிருக்கிறது, நாம் சரியான வேகத்தில் போடும்போது பேச்சு விரைகிறது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைக் காதை நம்பி முடிவு செய்ய முடியவில்லை. நல்லவேளை, வீட்டுச் சுவர்க் கடிகாரம் பின்னணியில் டிக் டிக் என்று கேட்டது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 100 டிக், கடைசி ஐந்து நிமிடத்தில் 107. நூறை நூற்றேழால் வகுத்தால் சுமார் 0.935. அந்தப் பகுதியின் வேகத்தை அந்த அளவுக்குக் குறைத்ததும் ஆச்சி ஆச்சியாகிவிட்டாள். வேகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருப்பதால் ஐந்தைந்து நிமிடமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனியாக டிக் எண்ண வேண்டியிருந்தது.

நிஜமான தப்பு இதிலெல்லாம் இல்லை, எழுத்தில். முதல் கேசட் முழுவதையும் நான் எழுத்துத் தமிழில்தான் எழுதினேன். ‘பொறவு’ வந்தால் பிறகு, ‘அங்கன’ வந்தால் அங்கே. படிக்கிறவர்களுக்கு எளிதாக இருக்குமே என்ற எண்ணம். ஆச்சி ஓரிடத்தில் இலங்கைப் பயணத்தைச் சொல்கிறாள்: “அவிய மண்டபத்துல ஒரு வாரம் கெடந்தாவ. பொறவுதான் கப்பலு.” மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்துத்தான் அக்கரைக்கு அனுப்பிய காலம் அது. நான் ‘அவர்கள் மண்டபத்தில் ஒரு வாரம் கிடந்தார்கள்’ என்று எழுதினேன். அதற்கு முன்புதான் தாத்தாவையும் அவர் தம்பியையும் பற்றிப் பேசியிருந்ததால், அண்ணன் தம்பி இருவரும் கொழும்புக்குப் போனார்கள் என்று வரலாற்றிலும் ஏற்றிவிட்டேன்.

அத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாள். “ஏலே, அவியன்னா அப்பா. எங்கம்மை எந்தக் காலத்துல புருசன் பேரச் சொல்லியிருக்கா?”

எங்கள் பக்கத்தில் ‘அவிய வந்தாவ’ என்றால் பலரும் வந்தார்கள் என்றும் பொருள், மரியாதையோடு ஒருவர் வந்தார் என்றும் பொருள். எது என்பதைச் சுற்றியுள்ள பேச்சுதான் காட்டும். அதே கேசட்டில் பத்து நிமிடம் தள்ளி ஆச்சியே சொல்லியிருக்கிறாள்: “அவிய போவும்போது கொழுந்தன் இங்கன பன ஏறிக்கிட்டு கெடந்தான்.” கணவனுக்கு ‘கெடந்தாவ’, கொழுந்தனுக்கு ‘கெடந்தான்’. போனது ஒருவர்தான். நான் இதையும் ‘கிடந்தார்’ என்று நாகரிகமாக்கி வைத்திருந்தேன், அதனால் வேறுபாடே தெரியவில்லை. ஆள் யார் என்ற தகவல் வினைமுற்றின் கடைசி எழுத்தில் இருந்திருக்கிறது.

முதல் கேசட்டை மறுபடி ஆரம்பித்தேன். இப்போது இரண்டு பத்தி: இடப்பக்கம் ஆச்சி சொன்னது சொன்னபடி, வலப்பக்கம் பொருள். ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் நேரக்குறிப்பு. புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், கேட்ட ஒலியை எழுதிக் கேள்விக்குறி போட்டேன். அரைமணி நேரப் பக்கம் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் பிடித்தது.

அந்தக் கேள்விக்குறிகளில் ஒன்று ‘கடுப்பு’. ‘கடுப்பு வச்சி நசுக்கி’ என்றுதான் இருபது தடவை கேட்டும் விழுந்தது. வேகத்தைக் குறைத்தும் பயனில்லை, எனக்குத் தெரிந்த சொல்லைத்தான் காது கேட்கிறது. முன்பு பனை ஏறிய ஒரு மாமாவுக்கு அந்தத் துண்டை மட்டும் போனில் அனுப்பினேன். ஒரே தடவையில் சொன்னார்: கடிப்பு. பாளையை இடுக்கி நசுக்குகிற மரக் கருவி.

மூன்றாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், ஆச்சி தன் கல்யாணத்தைச் சொல்லத் தொடங்கும் இடத்தில், யாரோ நான்கு நிமிடம் சினிமாப் பாட்டைப் பதிந்துவைத்திருக்கிறார்கள். பாட்டு முடிந்து திரும்ப வரும்போது, “அம்புட்டுதான்டே, கொண்டா அந்தச் செம்ப” என்கிறாள். அதையும் இடப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.