வெசாக் கூடும் எங்கள் மழையும்

நாளைக்கு வெசாக். புத்தர் பிறந்தது, ஞானம் அடைந்தது, பரிநிர்வாணம் அடைந்தது மூன்றுக்கும் இந்த வைகாசிப் பௌர்ணமிதான். பக்கத்து வீட்டு சிங்கள அக்கா விடியவே வெள்ளை உடுத்து பன்சலைக் கோயிலுக்கு சில் விரதம் எடுக்கப் போய்விடுவார். அதனால் இன்றைக்கே அவர் மகனும் நானும் எங்கள் லயத்து வாசலில் அட்டபட்டம் என்ற வெசாக் விளக்குக் கூடு கட்டினோம்.

24 மூங்கில் குச்சி, எல்லாம் ஒரே நீளம். முதலில் ஆறு சதுரம். நான்கை மூலையோடு மூலை சேர்த்து வளையமாகக் கட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று. இடையில் எட்டு முக்கோணம் தானாக விழும். ஒரு குச்சி நீளம் தப்பினாலும் கூடு ஒரு பக்கம் சாயும். எங்களுடையது சாய்ந்தது, அவிழ்த்துக் கட்டினோம்.

மேல் சதுரத்துக்குத் தாள் ஒட்டக்கூடாது, மெழுகுதிரி சூடு வெளியேற வேண்டும். ஆனால் மே மாத மழையில் அந்த வழியாகத்தான் தண்ணீரும் இறங்கும்! போன வருசம் சிவப்புத் தாள் சாயம் வழிந்து வெள்ளை வாலெல்லாம் ரோஸ் ஆனது. பனிமூட்டத்தில் மாப்பசையும் லேசில் காயாது. இந்தத் தடவை அடுப்படியில் தொங்கவிட்டிருக்கிறோம். அம்மா குனிந்து குனிந்து ரொட்டி சுடுகிறார்.