மூன்று நகல்களும் ஒன்றுபோல் இருந்தன, மூன்றும் தப்பாக இருந்தன

சொந்தமாக எழுதிக்கொண்டிருக்கும் சின்ன கீ-வேல்யூ ஸ்டோரில் இந்த வாரம் பழுதுபார்க்கும் பகுதியை முடித்தேன். தலைமை நோடு என்று எதுவும் கிடையாது. n1, n2, n3 என்று மூன்று பிராசஸ்கள், எல்லா கீயும் மூன்றிலும் இருக்க வேண்டும். N=3, W=2, R=2, அதாவது நகல் மூன்று, ஒரு எழுத்து இரண்டு நோடுகளில் பதிந்தாலே முடிந்ததாகக் கணக்கு, படிக்கும்போது இரண்டு நோடுகளைக் கேட்டால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு டைம்ஸ்டாம்ப் உண்டு, இரண்டு பதிவுகள் மோதினால் புதியது ஜெயிக்கும். 2007-இல் அமேசான் வெளியிட்ட டைனமோ கட்டுரையின் வழிதான், ஆனால் எந்தப் பதிவு எதற்குப் பின் வந்தது என்று நோடு வாரியாக எண்ணி வைக்கும், அதில் வரும் வெக்டர் கிளாக்கை விட்டுவிட்டு, கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ் மாதிரி டைம்ஸ்டாம்பை வைத்துக்கொண்டேன்.

ஒரு நோடு விழுந்து எழுந்தால் அது தவறவிட்டதை எப்படித் திரும்பப் பெறும் என்பதற்கு மூன்று வழிகள். விழுந்த நோடுக்குப் போக வேண்டிய எழுத்தை இன்னொருவர் குறித்து வைத்திருந்து பிறகு கொடுப்பது ஹின்டட் ஹேண்ட்ஆஃப். படிக்கும்போது இரண்டு பதில்கள் ஒத்துப்போகவில்லை என்றால் பழையதை அங்கேயே திருத்துவது ரீட் ரிப்பேர். மிச்சமிருப்பதை ஹாஷ் மரத்தை வைத்து ஒப்பிட்டுத் தேடுவது மூன்றாவது. ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது, எதை விடுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சோதனையை இப்படி வைத்தேன். முதலில் 1,00,000 கீ, மூன்று நோடுகளிலும் ஒரே மாதிரி. n3-ஐ நிறுத்திவிட்டு, நொடிக்கு 50 வீதம் 100 நொடிக்கு 5,000 வேலைகள். ஒரு கீயை ஒரு முறைக்கு மேல் தொடக் கூடாது, அப்போதுதான் எண்ணிக்கை குழம்பாது. பத்தில் ஒன்று அழிப்பு, மற்றதெல்லாம் இருக்கும் கீக்குப் புது மதிப்பு. ஆக 4,500 மாற்றம், 500 அழிப்பு. எல்லாம் சரியாக நடந்தால் கடைசியில் மூன்று நோடுகளிலும் 99,500 கீ இருக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்தது பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

அழிப்பு என்றால் பதிவைத் தூக்கிப் போடுவதில்லை. அந்த இடத்தில் டூம்ஸ்டோன் என்று ஒரு குறியை, டைம்ஸ்டாம்போடு, எழுதி வைக்கிறோம். குறி இல்லாமல் பதிவு வெறுமனே காணாமல் போனால், "இவர் அழித்தார்" என்பதற்கும் "இவருக்கு வந்தே சேரவில்லை" என்பதற்கும் வித்தியாசம் தெரியாது. குறி நிரந்தரமாகவும் இருக்க முடியாது, இடம் தின்னும். அதனால் ஒரு கெடு வைத்து, அது தாண்டியதும் துப்புரவு செய்கிறோம். கசாண்ட்ராவில் இதன் பெயர் `gc_grace_seconds`, இயல்பு மதிப்பு 864000, அதாவது 10 நாள். நான் 10 நிமிடம் வைத்தேன்.

முதலில் ஹின்ட். வேலைகளை வாங்கி மற்ற நோடுகளுக்கு அனுப்பும் ஒருங்கிணைப்பவர் n1-தான். n3 பதில் சொல்லவில்லை என்றால் அந்த எழுத்தை n1 தன் டிஸ்கில் ஒரு தனி ஃபைலில் சேர்த்துவைக்கும். இதை W கணக்கில் சேர்ப்பதில்லை, n1-உம் n2-உம் எழுதிவிட்டதால் W=2 ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு நேரம்தான் சேர்ப்பது? n3 ஒரு வாரம் வராவிட்டால் n1-இன் டிஸ்க் நிரம்பிவிடும். அதற்காக ஒரு கால வரம்பு. கசாண்ட்ராவில் இயல்பாக 3 மணி நேரம், நான் 60 நொடி. அதனால் முதல் 3,000 வேலைகளுக்கு மட்டும் ஹின்ட் சேர்ந்தது. n3 திரும்பி வந்ததும் அவை சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் 2,000: மாற்றம் 1,800, அழிப்பு 200.

அடுத்து ரீட் ரிப்பேர். 2,25,000 வாசிப்புகளை ஓடவிட்டேன், கீயை ஒரே சீராகத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து. R=2 என்பதால் ஒவ்வொரு முறையும் மூன்றில் இரண்டு நோடுகளைத்தான் கேட்கிறது. n1-உம் n2-உம் மாட்டினால் n3-இல் உள்ள பழையது கண்ணிலேயே படாது. அப்படியும் 1,800-இல் 1,403 திருந்தின. சராசரியாக ஒரு கீயை இரண்டு தடவைக்கு மேல் படித்தும் 397 கீ தப்பித்துவிட்டது.

ஆனால் அந்த 200 அழிப்பில் ஒன்றுகூடத் திருந்தவில்லை. காரணம் எளிது, என் சோதனை நிரல் இருக்கும் கீகளை மட்டும் படிக்கிறது. யோசித்துப் பார்த்தால் உண்மையான பயன்பாடும் பெரும்பாலும் அப்படித்தான், அழித்துவிட்டதை யார் போய்த் தேடிப் படிக்கப்போகிறார்கள்? ஆக, விட்டுப்போன அழிப்புக்கு ரீட் ரிப்பேர் கிட்டத்தட்ட எட்டவே எட்டாது. படிக்கப் படிக்கத் தானாகவே சரியாகிவிடும் என்று இவ்வளவு நாள் நான் நினைத்திருந்தது அழிப்பு விஷயத்தில் உண்மையில்லை.

இனி மரம். கீயின் ஹாஷை எடுத்து, அதன் முதல் சில பிட்டை வைத்து எந்த இலை என்று முடிவு செய்கிறேன்.

```python
def leaf_no(key):
    h = hashlib.sha256(key.encode()).digest()
    return int.from_bytes(h[:4], "big") >> (32 - DEPTH)
```

ஒரு இலையில் விழும் எல்லாப் பதிவுகளையும் கீ வரிசையில் அடுக்கி ஹாஷ் எடுத்தால் அதுதான் இலையின் ஹாஷ். இரண்டு இரண்டாகச் சேர்த்து மேலே போனால் வேர். வேர் ஒன்றானால் வேலை முடிந்தது. இல்லையென்றால் வேறுபடும் கிளையில் மட்டும் கீழே இறங்கி, வேறுபடும் இலைகளில் உள்ள பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். டைம்ஸ்டாம்பையும் ஹாஷுக்குள் சேர்க்க மறக்கக் கூடாது. மதிப்பு ஒன்றாக இருந்து டைம்ஸ்டாம்ப் வேறாக இருந்தால், அடுத்து வரும் மோதலில் இரண்டு நோடுகளும் வேறு வேறு முடிவுக்கு வந்துவிடலாம்.

இந்த மரத்தை எழுதி முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க மூன்று பிராசஸ்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

DEPTH=10, அதாவது 1,024 இலை என்று ஓடவிட்டேன். வேறுபடும் கீ 597, வேறுபடும் இலை 452. ஒரு இலைக்குக் கிட்டத்தட்ட 97 கீ, அதில் ஒன்று மாறினாலும் இலை முழுவதையும் அனுப்ப வேண்டும். 597 கீயைத் திருத்த 44,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் போயின! இது உறுத்தவே, DEPTH=15 ஆக்கி அதே நிலையிலிருந்து மறுபடி ஓட்டினேன் (ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் டேட்டா டைரக்டரிகளைப் பிரதி எடுத்து வைத்திருந்தேன்). 32,768 இலை, ஒரு இலைக்கு மூன்று கீ, போன பதிவுகள் சுமார் 2,400. இதற்கு விலை உண்டு: 32 பைட் ஹாஷ் என்றால் இலை வரிசை மட்டும் 32 கேபியிலிருந்து 1 எம்பி ஆகிறது. என் அளவுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் கீ எண்ணிக்கை பல கோடியாகும்போது இந்த 32,768-உம் போதாது, மறுபடி இலை பெருத்துவிடும்.

சரி, மூன்று வேரும் ஒன்றாகிவிட்டன. அப்புறம் அந்த எண்ணைப் பார்த்தேன்.

```
n1 live=99700 diff_leaves=0
n2 live=99700 diff_leaves=0
n3 live=99700 diff_leaves=0
```

99,500 இருக்க வேண்டிய இடத்தில் 99,700. அழித்த 200 கீ உயிரோடு திரும்பி வந்துவிட்டன, அதுவும் மூன்று நோடுகளிலும்.

நடந்தது இதுதான். நான் மரம் எழுதிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் 10 நிமிடக் கெடு எப்போதோ முடிந்து, n1-உம் n2-உம் டூம்ஸ்டோன்களைத் துப்புரவு செய்துவிட்டன. n3-க்கு அந்த அழிப்பு வந்து சேரவே இல்லை, அதனிடம் பழைய மதிப்பு அப்படியே இருக்கிறது. மரத்தை ஒப்பிடும்போது n1-இல் ஒன்றுமில்லை, n3-இல் பதிவு இருக்கிறது. "n1 தவறவிட்டிருக்கிறது" என்றுதான் நிரல் புரிந்துகொள்ளும், வேறு எப்படியும் புரிந்துகொள்ள வழியில்லை. முறையாக அந்த 200 பதிவையும் n1-க்கும் n2-க்கும் எழுதிவிட்டது. பழுதுபார்க்கும் வேலையேதான் பிழையைப் பரப்பியது, ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ரீட் ரிப்பேரும் இதையே செய்யும்: அந்த நிலையிலிருந்து, மரத்தைத் தொடாமல், அழித்த ஒரு கீயை வேண்டுமென்றே படித்துப் பார்த்தேன். n1-உம் n3-உம் பதில் சொன்ன வாசிப்பில் பழைய மதிப்பு வந்தது, அடுத்த நொடியே அது n1-இல் எழுதப்பட்டிருந்தது.

வேர்கள் பொருந்துவது நகல்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். எது சரி என்று அதற்குத் தெரியாது. எல்லா நகல்களையும் சேர்த்துப் பார்க்கும் முழு ஒப்பீடு ஒன்று, டூம்ஸ்டோன் கெடு முடிவதற்குள் ஒரு தடவையாவது முடிந்தாக வேண்டும். தொடங்கினால் போதாது, முடிய வேண்டும். 10 நாள் என்ற எண்ணை இதுவரை துப்புரவுக்கான எண்ணாகத்தான் பார்த்தேன். இப்போது அதைப் பழுதுபார்க்கக் கிடைக்கும் அவகாசமாகப் பார்க்கிறேன். ஹின்டுக்கும் இதே கதிதான்: கெடு தாண்டிப் பழைய எழுத்து ஒன்று ஹின்டாகப் போய்ச் சேர்ந்தால், இடையில் அழிக்கப்பட்ட கீ உயிர் பெற்றுவிடும். அதனால் ஹின்டுக்கும் ஒரு ஆயுள் வைத்தேன், டூம்ஸ்டோன் கெடுவுக்கு மேல் போகாதபடி.

n3 வீழ்வதற்கு முந்தைய நிலையிலிருந்து, அதே தற்செயல் விதையோடு, கெடுவை ஒரு நாளாக்கி மறுபடி ஓட்டினேன். வேறுபடும் கீ அதே 597. இந்த முறை n1-இல் டூம்ஸ்டோன் இருக்கிறது, அதன் டைம்ஸ்டாம்ப் n3-இன் பழைய மதிப்பைவிடப் புதியது, அதனால் அது ஜெயித்தது. மூன்றிலும் 99,500. மனம் நிறைந்தது.

கெடு முடிந்த பிறகு ஒரு சின்னப் பிரச்சினை. மறுநாள் மரத்தை ஓட்டினால் 38 இலைகள் வேறுபடுவதாகச் சொன்னது, உயிருள்ள பதிவுகள் எல்லாம் ஒன்றுதான். n1 துப்புரவை முடித்துவிட்டது, n2 பாதியில் இருந்தது, அதன் டூம்ஸ்டோன்கள் ஹாஷுக்குள் போய்விட்டன. ஒப்பீட்டைத் தொடங்குபவர் தன் நேரத்தை மற்றவர்களுக்கும் அனுப்ப, அந்த நேரப்படி கெடு முடிந்த டூம்ஸ்டோன்களை எல்லோரும் ஹாஷில் விட்டுவிட வேண்டும் என்று மாற்றியதும் அந்த 38-உம் மறைந்தன.

மிச்சமிருந்தது கெடுவைத் தாண்டி விழுந்து கிடந்த நோடு. அதை எந்த மரத்தாலும் சரிசெய்ய முடியாது, அதன் டேட்டாவை வெறுமையாக்கி மற்றவர்களிடமிருந்து முழுவதும் நகலெடுப்பதே வழி. இப்போது ஒவ்வொரு நோடும் பத்து நொடிக்கு ஒருமுறை, தான் உயிரோடிருந்த நேரத்தை டிஸ்கில் எழுதுகிறது. எழும்போது அதைப் பார்க்கிறது. கெடுவை மறுபடி 10 நிமிடமாக்கி, n3-ஐ 15 நிமிடம் நிறுத்திவைத்துத் தொடங்கினேன்:

```
n3: last_alive 912s ago > grace 600s, refusing to join
```